ஒரே ஒரு படத்தைப் பார்த்து சாயம் சொன்ன கதை



கொஞ்சம் நீளமான பதிவு. தீபாவளிக்கு வீட்டுக்குச் சாயம் அடிக்கப் போறவங்க, விசேஷத்துக்கு அடிக்கப் போறவங்க, பொறுமையா ஒரு தடவை படிச்சிடுங்க. இது நான் செய்த தப்பு. இன்னொருத்தர் காசு இதே மாதிரி வீணாகக் கூடாதுன்னுதான் எழுதறேன்.

கோயில்ல வருஷா வருஷம் சுவர், கிரில் சாயம் அடிக்கிற வேலையை நம்ம குழுதான் பார்க்குது. அதனால எனக்கு ஒரு பேர் வந்துடுச்சு. யார் வீட்டுக்குச் சாயம் அடிச்சாலும் எனக்குத்தான் வாட்சாப் வரும். "அண்ணே, இது எங்க ஹால். என்ன கலர் அடிக்கலாம்?" கூடவே ஒரு படம். நானும் பெரிய ஆள் மாதிரி படத்தைப் பார்த்து பதில் போட்டுடுவேன்.

போன வருஷம் அப்படித்தான் நம்ம பூக்கட்டுற அக்கா வீட்டிலிருந்து படம் வந்தது. சுங்கைப்பட்டாணியில ஒரு பழைய தாமான், ஒரு மாடி டெரஸ் வீடு. அக்காவுக்கு வீட்டுக்காரர் இல்லை. மகளுக்கு நிச்சயம் பேசியாச்சு, மாப்பிள்ளை வீட்டிலிருந்து முப்பது பேர் வர்றாங்க. ஹால் மட்டுமாவது புதுசா இருக்கட்டும்னு அக்கா பூ கட்டின காசுல சேர்த்து வச்சிருந்தாங்க.

படத்தை அனுப்புனது மகள். ராத்திரி எட்டு மணிக்கு, திரைச்சீலையை மூடி, டியூப் லைட்டைப் போட்டு எடுத்த படம். ஏதோ ஒரு சாயக் கம்பெனியோட செயலியில அந்தப் படத்தைப் போட்டு, சுவரை மட்டும் வெளிர் சாம்பலா மாத்தி இன்னொரு படமும் அனுப்பியிருந்துச்சு. "மாமா, இது நல்லா இருக்கா?" நான் இரண்டாவது ஷிஃப்ட் முடிச்சு வந்து படுக்கையில சாஞ்சுக்கிட்டுப் பார்த்தேன். படத்துல அழகாத்தான் இருந்தது. "நல்லா இருக்கும்மா, இப்ப எல்லாரும் இதைத்தான் அடிக்கிறாங்க, வாங்கிடு"ன்னு போட்டுட்டுத் தூங்கிட்டேன்.

இரண்டு வாரம் கழிச்சு அக்கா கூப்பிட்டாங்க. கோபமா பேசியிருந்தாக்கூட பரவாயில்லை. மெதுவா, "தம்பி, சாயம் அடிச்சாச்சுப்பா. கொஞ்சம் ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு. எனக்குத்தான் அப்படித் தெரியுதோ என்னவோ, நீ ஒரு தடவை வந்து பாரேன்"ன்னாங்க.

மறுநாள் காலை பதினொரு மணிக்கு மோட்டார்ல போனேன். வாசல்ல நின்னு உள்ளே பார்த்ததுமே எனக்கு வயிறு கலங்குச்சு. நான் சொன்னது சாம்பல். சுவர்ல இருந்தது பச்சையும் நீலமும் கலந்த, சோர்ந்து போன ஒரு நிறம். கீழே செங்கல் நிற டைல். அதுக்கு மேல சிவப்பு கலந்த பழுப்பு மரச் சோபா. இரண்டுக்கும் சுவருக்கும் ஒட்டவே இல்லை. அக்கா ஒண்ணும் சொல்லாம காப்பி கலக்கப் போயிட்டாங்க. அந்தக் காப்பி எனக்கு இறங்கவே இல்லை.

நான் வேலை செய்யற இடத்துல பிளாஸ்டிக் மூடி, பெட்டி எல்லாம் ஊத்தி எடுக்கிறோம். நிறம் பார்க்கிறதுக்குன்னு ஒரு லைட் பாக்ஸ் இருக்கு. பெட்டிக்குள்ள சாம்பல் பூச்சு, மேலே மூணு வகை விளக்கு. ஒண்ணு பகல் வெளிச்சம் மாதிரி, ஒண்ணு கடையில போடற டியூப் மாதிரி, ஒண்ணு பழைய மஞ்சள் பல்பு மாதிரி. வாடிக்கையாளர் கொடுத்த மாதிரித் துண்டையும் நாம ஊத்தின துண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு, மூணு விளக்கையும் மாத்தி மாத்திப் பார்க்கணும். பகல் விளக்குல இரண்டும் ஒண்ணாத் தெரியும், மஞ்சள் விளக்குல ஒண்ணு சிவந்து போகும். அப்ப அந்தத் துண்டு ரிஜெக்ட். இருபது வருஷத்துக்கு மேல இதைத்தான் செய்யறேன். வேலையில மூணு விளக்குல பார்க்காம ஒரு மூடியைக்கூட பாஸ் பண்ண மாட்டேன். அக்கா வீட்டு ஹாலை ஒரே ஒரு படத்துல பாஸ் பண்ணிட்டேன்.

சரி, எங்கே தப்பு நடந்துச்சுன்னு அன்னிக்கு அங்கேயே உட்கார்ந்து ஒவ்வொண்ணா பார்த்தேன்.

வெள்ளைத் தாள் சொன்ன விஷயம்

மகள்கிட்ட ஒரு ஏ4 வெள்ளைத் தாள் கேட்டேன். அதைச் சுவர்ல ஒட்டிட்டு கொஞ்சம் தள்ளி நின்னு பார்த்தேன். தாளே லேசா பச்சை அடிச்சுது. அதே தாளைக் கையில எடுத்துக்கிட்டு ரோட்டுக்குப் போனேன், பளிச்சுன்னு வெள்ளை. திரும்ப ஹாலுக்கு வந்தா மறுபடியும் பச்சை. வெள்ளைத் தாளே பச்சையாத் தெரியுதுன்னா, சாம்பல் சாயம் பாவம் என்ன பண்ணும்?

தலையைத் தூக்கிப் பார்த்தேன். கார் போர்ச்சுக்கு மேல பச்சை நிற பாலிகார்பனேட் கூரை. நம்ம தாமான்கள்ல வீட்டுக்கு வீடு இருக்கிறதுதான். படத்துல அது இல்லவே இல்லை, ஏன்னா படம் எடுத்தது ராத்திரி, திரைச்சீலை வேற மூடியிருந்தது.

அக்கா வீட்டு வாசல் மேற்குப் பக்கம். மேற்குன்னா மத்தியானத்துக்கு மேல வெயில் உள்ளே வரும்னுதான் எல்லாரும் நினைப்போம். ஆனா போர்ச் கூரை சுவரிலிருந்து கிட்டத்தட்ட 18 அடி வெளியே நீண்டிருக்கு. உயரம் 10 அடி. அப்படின்னா சூரியன் நல்லாக் கீழே இறங்கின பிறகுதான் நேர் வெயில் ஹாலுக்குள்ள நுழைய முடியும். நம்ம ஊர்ல பொழுது சாயறது ஏழு மணிக்கு மேல, அதனால அக்கா வீட்டுக்குள்ள வெயில் வர்றதே சாயங்காலம் ஐந்தரைக்கு மேல்தான். அதுவரைக்கும் ஹாலுக்குள்ள வர்ற வெளிச்சம் முழுக்க அந்தப் பச்சைக் கூரை வழியா வடிகட்டி வர்றதும், போர்ச் தரையில பட்டுத் திரும்பி வர்றதும்தான். ஐந்தரைக்கு மேல ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் ஆரஞ்சு வெயில். இருட்டினதும் வெள்ளை டியூப். ஒரே ஹாலுக்கு ஒரே நாள்ல மூணு விளக்கு. எங்க லைட் பாக்ஸ் மாதிரியேதான்.

இங்கே திசையைப் பத்தி ஒண்ணு சொல்லிடறேன். யூடியூப்ல வெள்ளைக்காரங்க வீடியோவைப் பார்த்துட்டு, "வடக்கு பார்த்த அறை குளிர்ச்சியா நீலமா இருக்கும், அதுக்கு மஞ்சள் கலந்த சாயம் அடிக்கணும். தெற்கு பார்த்த அறைக்கு நாள் முழுக்க வெயில்"னு நிறையப் பேர் சொல்றாங்க. அது அவங்க ஊருக்குச் சரி, அங்கே சூரியன் எப்பவும் தெற்கேதான் சாஞ்சு போகும். நம்ம நாடு பூமத்திய ரேகைக்குப் பக்கம். ஏப்ரல் வாக்குல தொடங்கி ஆகஸ்ட் வரைக்கும் மத்தியானச் சூரியன் கொஞ்சம் வடக்கே இருக்கும், மத்த மாசங்கள்ல தெற்கே. எப்படி இருந்தாலும் தலைக்கு மேல உயரத்துல போறதால, வடக்கு ஜன்னலுக்கும் தெற்கு ஜன்னலுக்கும் நேர் வெயில் கம்மி. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி அமைதியான வெளிச்சம்தான். நமக்குப் பெரிய வித்தியாசம் கிழக்குக்கும் மேற்குக்கும்தான். கிழக்கு அறையில காலை வெயில், மத்தியானத்துக்கு மேல நிழல். மேற்கு அறையில காலையில நிழல், சாயங்காலம் மஞ்சளும் ஆரஞ்சும். அதுக்கும் மேல, ஜன்னலுக்கு வெளியே என்ன இருக்குன்னு பார்க்கணும். போர்ச் கூரை, பக்கத்து வீட்டுச் சிவப்புச் சுவர், ஒரு மாமரம், எதுல பட்டு வெளிச்சம் வருதோ அதோட நிறத்தையும் கூடவே கொண்டு வரும்.

படம் எப்படிப் பொய் சொல்லுது

கைப்பேசி கேமரா நம்ம நன்மைக்காகத்தான் பொய் சொல்லுது. வெளிச்சம் மஞ்சளா இருந்தா அது தானா நீலத்தைக் கூட்டி சரி பண்ணும். நீலமா இருந்தா மஞ்சளைக் கூட்டும். இருட்டான மூலையை வெளிச்சமாக்கிக் காட்டும். முகம் அழகா வர்றதுக்கு அது நல்லதுதான், சுவர் நிறம் பார்க்கத்தான் உதவாது. அக்கா வீட்டுப் பழைய சுவர் கிரீம் நிறம், படத்துல அது வெள்ளையாகவே தெரிஞ்சது. ஹால் பகல்ல கொஞ்சம் மங்கல், படத்துல நல்ல வெளிச்சமான ஹால் மாதிரி இருந்தது.

இன்னொரு கோளாறு என் பக்கம். ராத்திரி ஆனா என் கைப்பேசித் திரை தானா மஞ்சளாகிற மாதிரி வச்சிருக்கேன், கண்ணுக்கு நல்லதுன்னு. அந்த மஞ்சள் திரையில பார்த்ததாலதான் அந்தச் சாம்பல் எனக்குக் கொஞ்சம் மண் கலந்த சாம்பலாத் தெரிஞ்சு, செங்கல் டைலோட பொருந்துற மாதிரி இருந்துச்சு. உண்மையில கடையில கலந்து கொடுத்தது நீலம் கலந்த சாம்பல். அக்கா வீட்ல உட்கார்ந்து, திரையோட மஞ்சளை நிறுத்திட்டு அதே பழைய படத்தைத் திறந்து பார்த்தேன். நீலம் அப்பட்டமாத் தெரிஞ்சுது. அன்னிக்கு ராத்திரி இதைச் செய்ய எனக்கு பத்து வினாடி ஆகியிருக்கும்.

அப்ப படமே வேண்டாமான்னா, வேணும். ஆனா எடுக்கிற மாதிரி எடுக்கணும். சுவர்ல ஒரு ஏ4 தாளை ஒட்டுங்க. விளக்கை அணைச்சு, திரைச்சீலையைத் திறந்து காலை பத்து மணிக்கு ஒண்ணு, மத்தியானம் ஒரு மணிக்கு ஒண்ணு, சாயங்காலம் ஆறு மணிக்கு ஒண்ணு. ராத்திரி எட்டு மணிக்கு விளக்கைப் போட்டு ஒண்ணு. நாலும் ஒரே இடத்துல நின்னு, ஃபில்டர் எதுவும் போடாம எடுக்கணும். தரையும் சோபாவும் ஜன்னலும் ஒரே படத்துல விழணும். கூடவே ஜன்னலுக்கு வெளியே என்ன இருக்குன்னு ஒரு படம். கைப்பேசியில திசைகாட்டி இருக்கும், ஜன்னலைப் பார்த்து நின்னு எந்தத் திசைன்னு எழுதிடுங்க.

இந்தப் படங்களைப் பார்க்கிறவர் முதல்ல தாளைத்தான் பார்க்கணும். தாள் மஞ்சளா இருந்தா படம் முழுக்க மஞ்சள் ஏறியிருக்கு. படத்தைத் திருத்துற இடத்துல மஞ்சளைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு கோடு இருக்கும், அதை நகர்த்தி தாள் வெள்ளையாகிற இடத்துல நிறுத்தினா சோபாவும் தரையும் தன் நிறத்துக்குக் கிட்ட வந்துடும். பிறகு ஜன்னலைப் பாருங்க. ஜன்னல் வெளியே ஒண்ணுமே தெரியாம வெள்ளையா வெந்து போயிருந்தா, அறை படத்துல தெரியறதைவிட நல்ல இருட்டுன்னு அர்த்தம், கேமரா இழுத்து வெளிச்சமாக்கியிருக்கு.

அந்தச் சாயக் கம்பெனி செயலியையும் குறை சொல்ல மாட்டேன். எந்தச் சுவருக்கு நிறம், எந்தச் சுவரை வெள்ளையா விடலாம்னு பார்க்க அது நல்லா உதவும். சரியான நிறத்தை முடிவு செய்ய உதவாது. அது படத்துல இருக்கிற வெளிச்சத்து மேலதான் நிறத்தைப் போடுது, படமே தப்புன்னா அதுவும் தப்புத்தான்.

மாத்த முடியாத சாமான்

அடுத்தது தரை, சோபா. நான் அக்காகிட்ட கேட்ட முதல் கேள்வி, "அக்கா, இந்த ஹால்ல எதையெல்லாம் மாத்த மாட்டீங்க?" அவங்க சொன்னாங்க, "டைலை மாத்த முடியுமா தம்பி? சோபா உங்க மாமா வாங்கினது, அது இருக்கும்." மாமான்னது அவங்க வீட்டுக்காரரை. மகள் பழக்கத்துல அப்படியே வந்துடும் அவங்களுக்கு. திரைச்சீலை மட்டும் புதுசா வாங்கலாம்னு சொன்னாங்க. அப்ப டைலும் சோபாவும்தான் முதலாளி, சுவர் அவங்களுக்கு அனுசரிச்சுப் போகணும்.

ஒரு சாமானோட உள் நிறம் என்னன்னு தெரியணும்னா அதுக்குப் பக்கத்துல வெள்ளைத் தாளை வைங்க. அக்கா சோபா சும்மா பார்த்தா பழுப்பு. தாளை வச்சதும் உள்ளே இருக்கிற சிவப்பு வெளியே வந்துடுச்சு. டைல் செங்கல் நிறம், அதுலயும் ஆரஞ்சு. இவ்வளவு சிவப்பும் ஆரஞ்சும் கண்ணுக்கு முன்னால இருக்கும்போது, நடுவுல ஒரு சாம்பலை வச்சா கண் அதை இன்னும் நீலமாத்தான் காட்டும். ஆரஞ்சுக்கு எதிர் நிறம் நீலம். நீங்களே சோதிக்கலாம், ஒரு சாம்பல் துண்டை ஆரஞ்சுத் துணி மேலயும் நீலத் துணி மேலயும் வச்சுப் பாருங்க, இரண்டு வேற வேற சாம்பல் மாதிரி இருக்கும். ஆக அக்கா வீட்ல சாயத்துல கொஞ்சம் நீலம், கூரையிலிருந்து பச்சை, தரை தள்ளிவிட்ட நீலம், ராத்திரியில டேலைட் டியூப்போட நீலம், எல்லாம் ஒரே பக்கம் சேர்ந்துடுச்சு. அதுதான் ஆஸ்பத்திரி.

மறுபடியும் தேர்ந்தெடுத்தது

நிச்சயத்துக்கு பதினாறு நாள் இருந்தது. அக்கா, "விடுப்பா, வந்தவங்க பொண்ணைத்தானே பார்ப்பாங்க, சுவரையா"ன்னாங்க. மகள் தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னுச்சு. அது அனுப்பின படம்தானே, தன் தப்புன்னு நினைச்சுக்கிட்டு இருந்துச்சு. "இல்லம்மா, பார்த்துச் சொன்னவன் நான். இந்தத் தடவை சாயம் என் காசு"ன்னு சொல்லிட்டு வந்தேன்.

இந்தத் தடவை கடையில முழு டின் வாங்கலை. மூணு நிறத்துல ஒவ்வொரு சின்ன டின். ஒண்ணு சுத்த வெள்ளை, ஒண்ணு பீச், இன்னொண்ணு மணல் நிறம், வெள்ளையில கொஞ்சம் மஞ்சளும் பழுப்பும், ரொம்ப லேசா ஒரு ரோஸ் சாயலும் கலந்தது. நேரா சுவர்ல அடிச்சுப் பார்க்கலை. பழைய நிறத்துக்கு நடுவுல ஒரு திட்டு அடிச்சா, சுத்தி இருக்கிற நிறம் கண்ணை ஏமாத்திடும். மூணு கெட்டியான அட்டை வாங்கி, ஓரத்துல ஒரு அங்குலம் வெள்ளையா விட்டுட்டு, இரண்டு கோட் அடிச்சு ஒரு ராத்திரி காய வச்சேன். ஈரத்துல பார்த்து முடிவு செய்யாதீங்க, தண்ணிச் சாயம் பெரும்பாலும் காய்ஞ்ச பிறகு கொஞ்சம் கருத்துத்தான் போகும்.

அட்டைகளை அக்கா வீட்ல கொடுத்து, நாலு இடத்துல மாத்தி மாத்தி நிறுத்தச் சொன்னேன். ஜன்னல் பக்கத்துச் சுவர், அதுக்கு எதிர்ச் சுவர், சோபாவுக்குப் பின்னால, அடுப்படிக்குப் போற இருட்டு மூலை. காலை, மத்தியானம், சாயங்காலம், ராத்திரி. மகள் ஒரு நோட்டுப் புத்தகத்துல எழுதி வச்சது. எங்க கியூ.சி. பிள்ளைங்ககூட அவ்வளவு அழகா எழுத மாட்டாங்க.

வெள்ளை அட்டை ராத்திரி நல்லா இருந்தது. பகல்ல கூரையோட பச்சையை அப்படியே வாங்கிக் காட்டுச்சு, இருட்டு மூலையில அழுக்குச் சாம்பலாத் தெரிஞ்சது. இருட்டான அறைக்கு வெள்ளை அடிச்சா வெளிச்சமாகும்னு எல்லாரும் நினைக்கிறோம். வெள்ளை வர்ற வெளிச்சத்தைத் திருப்பிக் கொடுக்கும், அவ்வளவுதான். வர்றதே கம்மின்னா அதால ஒண்ணும் செய்ய முடியாது.

பீச் அட்டை பகல்ல அருமை. பச்சையைச் சமாளிச்சுது. ஆனா சாயங்காலம் ஆறு மணிக்கு ஆரஞ்சு வெயில் உள்ளே வந்ததும் சுவர், தரை, சோபா எல்லாம் ஒரே நிறமாகி, "மாமா, சாம்பாருக்குள்ள உட்கார்ந்த மாதிரி இருக்கு"ன்னு எழுதியிருந்துச்சு. மேற்கு பார்த்த அறையில மஞ்சள், பீச் மாதிரி சூடான நிறத்துக்கு இந்த ஆபத்து எப்பவும் உண்டு.

மணல் நிறம் நாலு நேரமும் தாங்குச்சு. அதுல இருக்கிற அந்தத் துளி ரோஸ்தான் காரணம். பச்சைக்கு எதிர் சிவப்பு. கூரையிலிருந்து வர்ற பச்சையை அந்த ரோஸ் கொஞ்சம் அடக்கிடுச்சு, ஆனா சாயங்கால வெயில்ல ஆரஞ்சாகிற அளவுக்கு அதுல சாயம் இல்லை. தரைக்கும் சோபாவுக்கும் சொந்தக்கார நிறமாவும் இருந்தது.

நிற அட்டையில ஒரு எண் போட்டிருந்தா அதையும் பாருங்க. எல்.ஆர்.வி.னு சொல்வாங்க, சுவர்ல விழற வெளிச்சத்துல எவ்வளவு திரும்பி வரும்னு காட்டுறது. 0 கறுப்பு, 100 வெள்ளை. நாங்க எடுத்தது 70க்குக் கிட்ட. அக்கா ஹால் மாதிரி நடுவீடு இருட்டா இருக்கிற டெரஸ் வீட்டுக்கு 60க்குக் கீழே போனா பகல்லயே விளக்குப் போட வேண்டியிருக்கும். இன்னொண்ணு, நாலு சுவரும் அடிச்ச பிறகு ஒரு சுவர் நிறம் இன்னொரு சுவர்ல பட்டு, அட்டையில பார்த்ததைவிட அழுத்தமாத் தெரியும். அதனால பிடிச்ச நிறத்துக்கு ஒரு படி வெளிர் நிறத்தை எடுத்தோம்.

அளவு ரொம்பப் பேர் கேட்பீங்க. ஹால் 12 அடிக்கு 15 அடி, உயரம் ஒன்பதரை. நாலு சுவரும் சேர்த்து 513 சதுர அடி, கதவு ஜன்னலுக்குக் கிட்டத்தட்ட 100 கழிச்சா 410, அதாவது 38 சதுர மீட்டர். 1 லிட்டர் ஒரு கோட்டுக்கு சுமார் 10 சதுர மீட்டர் வரும். இரண்டு கோட்டுக்கு 7.6 லிட்டர். 5 லிட்டர் டின் இரண்டு போதும், கொஞ்சம் மிச்சமும் இருக்கும். நானும் நம்ம குழுப் பையன் ஒருத்தனும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில ஆரம்பிச்சு சாயங்காலத்துக்குள்ள முடிச்சோம். பழைய சாம்பல் வெளிர் நிறம், புதுசா அடிச்சது, உரியவும் இல்லை, அதனால மேலேயே அடிச்சோம்.

விளக்கையும் மாத்தினோம். இருந்தது 6500 கே டேலைட் டியூப். அதுல மணல் நிறம்கூட ராத்திரி கொஞ்சம் வெளுத்துத்தான் போச்சு. 4000 கே போட்டதும் சோபாவோட சிவப்பு திரும்ப வந்தது. 3000 கே வார்ம் ஒயிட் போட்டா அந்தச் செங்கல் தரைக்கு மஞ்சள் ரொம்ப ஏறிடும்னு போடலை. பெட்டியில இந்த எண் எழுதியிருக்கும், வாங்கும்போது பாருங்க. சாயத்தை முடிவு செய்யறதுக்கு முன்னாலயே விளக்கை முடிவு செஞ்சா இன்னும் நல்லது. எங்களுக்குத்தான் அது கடைசியில தோணுச்சு.

போர்ச் கூரையை மாத்தியிருந்தா பாதிப் பிரச்சினை போயிருக்கும். அதுக்கு ஆகிற வெள்ளிக்கு அக்காகிட்ட வசதி இல்லை, என்கிட்டயும் இல்லை. உங்க வீட்ல கூரையை மாத்தற எண்ணம் இருந்தா, முதல்ல அதை மாத்திட்டு பிறகு சாயம் பாருங்க. முன்னால சாயம் அடிச்சிட்டு பின்னால கூரையை மாத்தினா, நிறமும் மாறிப் போயிடும்.

நிச்சயத்தன்னிக்கு சாயங்காலம் ஆறு மணிக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்தாங்க. நான் வேணும்னே அந்த நேரம் பார்த்து ஹால் ஓரத்துல நின்னேன். வெயில் உள்ளே வந்தது, சுவர் அமைதியா இருந்தது. யாரும் சுவரைப் பத்தி ஒரு வார்த்தை பேசலை. அதைவிட எனக்கு என்ன வேணும்?

மிச்சம் ஒரு டின் நீலச் சாம்பல் இருந்துச்சே, அதையும் சொல்லிடறேன். பின்னால மகளோட அறை கிழக்குப் பக்கம், வெளியே திறந்த வெளி, கூரை கிடையாது. உள்ளே வெள்ளை அலமாரி, தரையும் வெளிர் சாம்பல். அட்டையில அடிச்சு ஒரு நாள் வச்சுப் பார்த்துட்டு அந்த அறைக்கு அடிச்சோம். காலை வெயில்ல அவ்வளவு அழகு. ஹால்ல ஆஸ்பத்திரி மாதிரி இருந்த அதே சாயம்தான். அக்கா பார்த்துட்டு, "ஏன் தம்பி, இது நீ முதல்ல சொன்ன சாயமா?"ன்னு இரண்டு தடவை கேட்டாங்க.

இனிமே எனக்குப் படம் அனுப்பறவங்க தயவுசெஞ்சு சுவர்ல தாள் ஒட்டி நாலு நேரத்துப் படம், ஜன்னலுக்கு வெளியே ஒரு படம், திசை, மாத்த முடியாத சாமான் என்னென்ன, விளக்குப் பெட்டியில இருக்கிற எண், இதெல்லாம் சேர்த்து அனுப்புங்க. நானும் பகல்ல, மஞ்சள் இல்லாத திரையில பார்த்துட்டுத்தான் பதில் போடுவேன். அப்பவும் என் பதில் இரண்டு மூணு நிறத்தைக் குறிச்சுக் கொடுக்கிறதோட சரி. கடைசி முடிவை அட்டையில அடிச்சு, உங்க வீட்டு வெளிச்சத்துல, நீங்களே எடுக்கணும். சின்ன டின்னுக்கும் அட்டைக்கும் ஆகிற செலவைப் பார்க்காதீங்க, இரண்டு தடவை அடிக்கிற செலவு அதைவிட எத்தனையோ மடங்கு. எனக்குத் தெரியும், கட்டினவன் நான்தானே.

வெள்ளிக்கிழமை கோயில்ல பார்ப்போம். சந்தேகம் இருந்தா அங்கேயே கேளுங்க, தாள் ஒண்ணு என் பையில எப்பவும் இருக்கும்.